பட்டையை இழுக்காதீங்க! 3 மாத வேலைக்கு கான்ட் சார்ட் போடுவது எப்படி? வேலை தள்ளிப்போனால் அதை உண்மையாக வைத்திருப்பது எப்படி?

மாடியில் சுமார் 300 சதுர அடியில் ஒரு ரூம், கூடவே ஒரு பாத்ரூம். ஜூன் 1 திங்கட்கிழமை வேலை தொடக்கம். ஆகஸ்ட் 30 ஞாயிறு, ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும். மேஸ்திரியைக் கேட்டால் "மூணு மாசம் தாராளமா போதும்" என்கிறார்.

ஜூலை கடைசியில் போய்ப் பார்த்தால் பாதி பூச்சு அப்படியே நிற்கிறது. அப்போதும் அதே பதில்தான்: "முடிஞ்சிடும் சார்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசுக்குள் இருக்கும் கணக்கில் எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அதை எழுதி வைக்கும் படம்தான் கான்ட் சார்ட்.

ஐ.டி. கம்பெனி ஆட்கள் மட்டும் பயன்படுத்தும் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு நோட்டும் பேனாவும் போதும். இந்த மாடி வீட்டையே உதாரணமாக வைத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். இடம், ஆள், தேதி எல்லாம் கற்பனைதான். ஆனால் கணக்கு நிஜக் கணக்கு.

யார் இந்த கான்ட்?

ஹென்றி கான்ட் ஒரு அமெரிக்க இயந்திரப் பொறியாளர். 1861-ல் பிறந்து 1919-ல் இறந்தவர். 1910-களில் அவர் பிரபலமாக்கிய வரைபடத்துக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. ஆனால் போலந்து பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1896-லேயே இதே மாதிரி ஒன்றை உருவாக்கிவிட்டார். அவர் அதைப் பற்றித் தன் மொழியில் எழுதியதால் வெளியே அதிகம் தெரியவில்லை.

கான்ட் வழியில் வந்த வரைபடங்களில் இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. திட்டமிட்டது ஒரு பக்கம், உண்மையில் நடந்தது ஒரு பக்கம் என இரண்டையும் சேர்த்தே காட்டினார்கள். வேலை ஏன் நின்றது என்பதை ஓர் எழுத்தால் பக்கத்திலேயே குறித்தார்கள். இன்றைய ஆப்களில் ஒரே ஒரு கலர் பட்டைதான் இருக்கிறது, அதையும் விரலால் இழுத்து நகர்த்தலாம். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

முதலில் வேலைகளை எழுதுங்க, தேதியை அப்புறம் பார்ப்போம்

எடுத்தவுடன் பட்டை போட உட்கார்ந்தால் தப்பு வரும். முதலில் வேலைகளின் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி: எத்தனை நாள் ஆகும்? எது முடிந்த பிறகுதான் இதைத் தொடங்க முடியும்?

நம்ம மாடிக்கு இப்படி வருகிறது. செங்கல் சுவர், லிண்டல் எல்லாம் சேர்த்து இரண்டு வாரம். பிறகு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்ற ஒரு வாரம். தளத்துக்குள் போகும் எலக்ட்ரிக்கல் பைப்பும் இந்த வாரத்துக்குள்தான் போட வேண்டும். கம்பி கட்டி முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வரவில்லை என்றால் கான்கிரீட் நிற்கும். பலரும் பட்டியலில் விட்டுவிடுவது இதைத்தான்.

கான்கிரீட் ஊற்றியதும் முட்டு நிற்க வேண்டும், தளத்தில் தண்ணீர் கட்ட வேண்டும். தளத்தின் ஸ்பான் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுகள் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-ன் கணக்கு. சிமென்ட் வகையைப் பொறுத்து இது கூடலாம், உங்க இன்ஜினியர் சொல்வதே முடிவு. நம் உதாரணத்தில் 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளியில் சுவரைக் குடைந்து பைப் பதிக்கும் வேலையைச் செய்துகொள்ளலாம்.

அடுத்து முட்டைப் பிரித்துவிட்டுப் பூச்சு வேலை, இரண்டு வாரம். பூசிய சுவருக்கு முதல் ஒரு வாரம் தண்ணீர் விட்டு, அப்புறம் நன்றாகக் காய விட வேண்டும். எல்லாம் சேர்த்து நான்கு வாரம் வைத்துக்கொள்வோம். அந்த நான்கு வாரத்துக்குள் டைல்ஸ் இரண்டு வாரம், கதவு-ஜன்னல் மாட்ட ஒரு வாரம் ஓடிவிடும். கடைசியில் பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் ஒரு வாரம். கூட்டிப் பார்த்தால் 12 வாரம் வருகிறது. மூன்று மாதம் என்பது 13 வாரம். மிச்சம் ஒரு வாரம் இருக்கிறதா? அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க, கீழே வேலை இருக்கிறது.

இப்போது வரையலாம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டை விரித்து வைங்க. இடப்பக்கம் வேலைகளின் பெயர், ஒன்றன் கீழ் ஒன்றாக. மேலே வாரங்கள், 1 முதல் 13 வரை. ஒரு வாரத்துக்கு மூன்று கட்டம் ஒதுக்கினால் ஒரு கட்டம் என்பது இரண்டு வேலை நாள். ஞாயிறு லீவு. ஒவ்வொரு வேலைக்கு நேரேயும் அது ஓடும் வாரங்களில் பேனாவால் ஒரு பட்டை. வேலைகளுக்கு இடையில் ஒரு வரி காலியாக விடுங்க. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

போனில் படிப்பவர்களுக்காக அதே படம், ஒரு குறி ஒரு வாரம்:

```
##...........  சுவர்
..#..........  சென்ட்ரிங், கான்கிரீட்
...##........  முட்டு நிற்கும் காலம்
....#........  சுவரில் பைப்
.....##......  பூச்சு
.......####..  பூச்சு காய
.......##....  டைல்ஸ்
.........#...  கதவு, ஜன்னல்
...........#.  பட்டி, பெயின்ட்
............-  கையிருப்பு
```

படத்தைப் பார்த்தால் ஒரு படிக்கட்டு தெரிகிறது இல்லையா? சுவர், தளம், முட்டு, பூச்சு, காய்தல், பெயின்ட். இந்த ஆறும் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு போகின்றன. இதில் எது ஒரு நாள் தள்ளினாலும் கடைசித் தேதி ஒரு நாள் தள்ளும். திட்ட மேலாண்மைப் பாடத்தில் இதற்கு கிரிட்டிகல் பாத் என்று பெயர். நாம் முதன்மைச் சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பட்டைகளைச் சிவப்பில் போடுங்க.

டைல்ஸும் கதவும் அப்படி இல்லை. இரண்டும் சேர்த்து மூன்று வாரம், சுவர் காய நான்கு வாரம். அதனால் டைல்ஸ் கடைக்காரர் ஐந்து நாள் இழுத்தடித்தாலும் பால் காய்ச்சும் தேதி அசையாது. இந்த இரண்டையும் நீலத்தில் போட்டுவிடலாம். சைட்டில் யாரோடு சண்டை போட வேண்டும், யாரைக் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம் என்பது இந்த இரண்டு கலரிலேயே தெரிந்துவிடும்.

கையிருப்பு வாரத்தைக் கடைசியில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தனிப் பட்டையாகப் போட வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் ஒரு நாள், ஒன்றரை நாள் என்று ஒளித்து வைப்பது நம்ம ஊர் வழக்கம். அப்படி ஒளித்த நாட்கள் சத்தமில்லாமல் கரைந்துபோகும். மேஸ்திரிக்கு 12 நாள் தேவைப்படும் இடத்தில் 14 என்று எழுதினால், வேலை பெரும்பாலும் 14 நாளும் ஓடும். தனியாக வைத்தால் எவ்வளவு செலவாகிவிட்டது, எவ்வளவு பாக்கி என்று எண்ணிப் பார்க்கலாம்.

முதல் சறுக்கல்: சுவர் மூன்று நாள் லேட்

சுவர் வேலை ஜூன் 13 சனிக்கிழமை முடிந்திருக்க வேண்டும். இடையில் எம்-சாண்ட் லோடு வரவில்லை. ஒரு நாள் மழை. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் இன்னும் மூன்று நாள் வேலை பாக்கி.

இப்போது சார்ட்டில் என்ன செய்வீங்க?

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். சுவர் பட்டையை ஜூன் 17 வரை நீட்டுவார்கள். சென்ட்ரிங் பட்டையை வலப்பக்கம் நகர்த்தாமல், இடப்பக்கத்தை மட்டும் நறுக்கி, பழைய ஜூன் 20-லேயே முடிகிற மாதிரி சுருக்குவார்கள். ஆறு நாள் வேலை மூன்று நாளாகிவிட்டது. எப்படி முடியும் என்று கேட்டால் "ஆள் கூடப் போட்டுக்கலாம்" என்பார்கள். அந்தக் கூடுதல் ஆள் யார், எப்போது வருவார் என்பதற்குப் பதில் இருக்காது. படம் அழகாக இருக்கும். ஒரு தாமதம் நடந்ததற்கான அடையாளமே அதில் இருக்காது.

உண்மையாகச் செய்வது ரொம்ப எளிது. முதலில் போட்ட பட்டையைத் தொடக் கூடாது. அது நீங்கள் கொடுத்த வாக்கு. அதன் கீழே காலியாக விட்டோமே ஒரு வரி, அங்கே பென்சிலால் இரண்டாவது பட்டை: ஜூன் 1 முதல் ஜூன் 17 வரை. மேல் பட்டை முடியும் இடத்துக்கும் கீழ் பட்டை முடியும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் துண்டுதான் தாமதம்.

பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் கணக்கு பொய்யாகிவிடும். சென்ட்ரிங் ஜூன் 18 வியாழன் தொடங்கி, ஆறு வேலை நாள், ஜூன் 24 புதன் கான்கிரீட். அதிலிருந்து 14 நாள், ஜூலை 8. பூச்சு ஜூலை 9 வியாழன் தொடங்கி 12 வேலை நாள், ஜூலை 22 முடிவு. காய 28 நாள், ஆகஸ்ட் 19 வரை. பெயின்ட் ஆகஸ்ட் 20 முதல் 26 புதன் வரை.

பழைய திட்டப்படி பெயின்ட் ஆகஸ்ட் 22 சனிக்கிழமை முடிய வேண்டும். கையிருப்பாக 24 முதல் 29 வரை ஆறு வேலை நாள் இருந்தது. அதில் மூன்று போய்விட்டது, மூன்று பாக்கி. இரண்டாவது வாரத்திலேயே கையிருப்பில் பாதி காலி. தேதி மாறவில்லை, ஆனாலும் இது கெட்ட செய்திதான். வீட்டில் எல்லாருக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

காரணத்தையும் ஓர் எழுத்தில் எழுதுங்க. பொருள் வராததற்கு 'பொ', ஆள் வராததற்கு 'ஆ', மழைக்கு 'ம', வீட்டுக்காரர் முடிவு சொல்லாததற்கு 'மு'. இங்கே 'பொ 2, ம 1'. யார்மேலாவது பழி போட இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது 'மு' நாலு இடத்தில் இருந்தால், டைல்ஸ் கலரை முடிவு பண்ணாமல் இழுத்தது நாம்தான் என்று தெரிந்துவிடும். மேஸ்திரிகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் காரணம் அதுதான்.

சுருங்கவே சுருங்காத பட்டைகள்

எல்லாப் பட்டையும் ஒரே ஜாதி இல்லை. சுவர் கட்டுவது, பூசுவது எல்லாம் மனித உழைப்பு. இன்னொரு கொத்தனார் வந்தால் கொஞ்சம் வேகம் கூடும். ஆனால் கான்கிரீட் இறுகுவதும் சுவர் காய்வதும் ஆள் பலத்துக்குக் கட்டுப்படாது. பத்து பேர் சுற்றி நின்று பார்த்தாலும் 14 நாள் 14 நாள்தான்.

தாமதம் வந்ததும் எல்லாரும் கை வைப்பது இந்தப் பட்டைகளில்தான். ஏனென்றால் அந்த நாட்களில் யாரும் வேலை செய்வதாகத் தெரியாது, 'சும்மா' இருப்பதாகத் தோன்றும். பத்தாவது நாளே முட்டைப் பிரிக்கலாமா என்ற பேச்சு இப்படித்தான் வருகிறது. முட்டைச் சீக்கிரம் எடுத்தால் தளம் தொய்யலாம், விரிசல் விடலாம். ஈரம் காயாத சுவரில் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் கொப்பளம் போட்டு உரியும், உப்பு பூக்கும். அதனால் இந்த இரண்டு பட்டையையும் கோடு கோடாக அடித்து வைங்க. அந்த அடையாளம் இருக்கும் பட்டையில் யாரும் நாளைக் குறைக்கக் கூடாது என்பது சைட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

"முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு"

ஒவ்வொரு சனிக்கிழமையும் 15 நிமிஷம் போதும். அன்றைய தேதியில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு போடுங்க. அந்தக் கோட்டைத் தொடும் வேலைகளைப் பற்றி மட்டும் கேளுங்க. கேள்வி மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டால் "முக்கால்வாசி" என்று பதில் வரும். அடுத்த வாரம் கேட்டால் "தொண்ணூறு சதவீதம்". அதற்கடுத்த வாரமும் தொண்ணூறுதான்! இதில் ஏமாற்று எதுவும் இல்லை. செய்து முடித்த வேலை கண்ணுக்குத் தெரியும், செய்ய வேண்டிய வேலை தெரியாது. பூச்சு வேலையில் பெரிய சுவர்கள் மளமளவென்று முடியும். ஜன்னல் ஓரம், பாத்ரூம் மூலை, சன்ஷேட் அடிப்பக்கம் என்று சில்லறை வேலைதான் நாளைத் தின்னும்.

அதற்குப் பதிலாக "இன்னைக்கு இருக்கிற ஆளை வச்சு, இன்னும் எத்தனை நாள் வேணும்?" என்று கேளுங்க. வருகிற எண்ணை அப்படியே பென்சில் பட்டையில் போடுங்க. போன சனிக்கிழமை "அஞ்சு நாள்" என்றவர் இந்த சனிக்கிழமையும் "அஞ்சு நாள்" என்றால், இடையில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கிறது. சதவீதத்தில் இது தெரியவே தெரியாது.

முடிந்தது என்றால் என்ன என்பதையும் முன்னாலேயே பேசி வைப்பது நல்லது. பூச்சு முடிந்தது என்றால் அடுத்து டைல்ஸ்காரர் வந்து வேலை தொடங்கலாம் என்று அர்த்தம். சாரம் இன்னும் நிற்கிறது, கொத்தனார் ஒரு மூலைக்கு நாளை வருவார் என்றால் அது முடியவில்லை.

இரண்டாவது சறுக்கல்: ஆடி பிறந்தது

ஜூலை 9 தொடங்கிய பூச்சு நன்றாகத்தான் போனது. ஜூலை 16 வரை ஏழு நாள் வேலை முடிந்தது. ஜூலை 17 ஆடி பிறந்தது. கொத்தனார்களுக்கு ஊரில் கோவில் திருவிழா. ஐந்து வேலை நாள் சைட் பூட்டு. ஜூன் 1-ம் தேதி நோட்டு போடும்போதே ஆடி எப்போது என்று காலண்டரில் இருந்தது. வேலை செய்பவர்களின் ஊர்த் திருவிழாவைத் திட்டத்திலேயே கேட்டுக் குறித்திருக்கலாம். நிறைய சார்ட்டுகளில் அரசு விடுமுறை எல்லாம் இருக்கும், இது மட்டும் இருக்காது.

ஜூலை 18 சனிக்கிழமை கணக்கு. வியாழக்கிழமை வந்துவிடுவோம் என்கிறார்கள். பாக்கி ஐந்து நாள் வேலை. அப்படியானால் ஜூலை 23, 24, 25, 27, 28. பூச்சு ஜூலை 28 செவ்வாய் முடியும். காய 28 நாள், ஆகஸ்ட் 25 வரை. பெயின்ட் ஆகஸ்ட் 26 தொடங்கி ஆறு வேலை நாள்... செப்டம்பர் 1 செவ்வாய்.

பால் காய்ச்சுவது ஆகஸ்ட் 30. இரண்டு வேலை நாள் இடிக்கிறது.

டைல்ஸ், கதவு நிலைமை? பூச்சோடு சேர்ந்து அவையும் தள்ளிப்போகும். டைல்ஸ் ஜூலை 29 தொடங்கி ஆகஸ்ட் 11 வரை, கதவு அடுத்த ஆறு நாள். பெயின்ட்டுக்கு முன் இன்னும் கிட்டத்தட்ட ஒரு வாரம் மிச்சம் இருக்கிறது. அங்கே பிரச்னை இல்லை. இதைச் சரிபார்க்காமல் டைல்ஸ்காரருக்கு போன் போட்டு அவசரப்படுத்தினால் அவருக்கும் டென்ஷன், நமக்கும் ஒரு நாள்கூட லாபம் இல்லை.

இந்த விஷயம் தெரிய வந்த தேதியைக் கவனிங்க. ஜூலை 18. விழாவுக்கு இன்னும் 43 நாள் இருக்கிறது. பத்திரிகை அடிக்கவில்லை, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பட்டைகளை நறுக்கி நறுக்கி ஒட்டியிருந்தால் இதே உண்மை ஆகஸ்ட் இருபது வாக்கில்தான் தெரியும். அப்போது கையில் பத்திரிகைக் கட்டு இருக்கும்.

என்ன செய்யலாம்? நாலு வழி

பெயின்ட்டுக்கு ஆளைக் கூட்டலாம். ஆனால் பட்டி ஒரு கோட் காய்ந்த பிறகுதான் அடுத்த கோட், அதன் பிறகு தேய்க்க வேண்டும், பிரைமர் காய வேண்டும். ஆறு நாள் ஐந்தாகலாம். நமக்குத் தேவை நான்கு. போதாது.

காய விடும் 28 நாளில் இரண்டு நாள் குறைக்கலாமா? இரண்டு நாள்தானே என்று தோன்றும். அது கோடு போட்ட பட்டை. மழை நாட்கள் வேறு இருக்கின்றன. வேண்டாம்.

வேலையைப் பிரிக்கலாம். விழாவுக்கு முன் உள்சுவர் மட்டும், ஆகஸ்ட் 26 முதல் 29 வரை நான்கு நாள். வெளிச்சுவர் செப்டம்பரில். இது செல்லுபடியாகும் வழி. ஆனால் சார்ட்டில் வெளிச்சுவர் பெயின்ட் என்று தனியாக ஒரு புதுப் பட்டையைச் செப்டம்பரில் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் 'பெயின்ட் முடிந்தது' என்று கணக்கு காட்டிவிட்டு வெளிச்சுவர் அடுத்த பொங்கல் வரை சிமென்ட் கலரிலேயே நிற்கும். நம்ம தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கும், பாருங்க.

நாலாவது, தேதியை மாற்றுவது. அடுத்த ஞாயிறு செப்டம்பர் 6, அதுவும் ஆவணிதான். நல்ல நாளா என்பதை வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பெயின்ட் செப்டம்பர் 1 முடிந்தால் 2 முதல் 5 வரை நான்கு நாள் கையிருப்பு மறுபடியும் கிடைக்கிறது.

மூன்றாவது வழியில் கையிருப்பு பூஜ்யம். ஆறு வாரத்தில் ஒரு மழை நாள்கூட வரக் கூடாது என்று நம்ப வேண்டும். இதுவரை ஏழு வாரத்தில் எட்டு வேலை நாள் போயிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தேதியை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். மாற்ற முடியாத தேதி என்றால், வெளியூரிலிருந்து ஆட்கள் டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்றால், மூன்றாவது வழியை எடுத்துக்கொண்டு "கையிருப்பு 0" என்று சார்ட்டில் பெரிதாக எழுதி வைங்க.

சார்ட் பொய் சொல்கிறதா? இப்படிக் கண்டுபிடிக்கலாம்

உங்க கான்ட்ராக்டரோ, ஆபீஸில் வேறு டீமோ ஒரு சார்ட்டை அனுப்புகிறார்கள். அழகாக இருக்கிறது. நம்பலாமா?

முதலில் போன மாதத்து சார்ட்டைக் கேளுங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். நடுவில் பட்டைகள் நகர்ந்திருக்கின்றன, கடைசித் தேதி மட்டும் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கிறது என்றால், இடையில் எந்தப் பட்டை மெலிந்திருக்கிறது என்று தேடுங்க. பெரும்பாலும் அது கடைசி வேலையாக இருக்கும். வீட்டில் பெயின்ட், சாஃப்ட்வேரில் டெஸ்டிங். முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் தின்ற நாளுக்கு கடைசியில் நிற்பவர் பட்டினி கிடப்பார்.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் எல்லாமே இந்த வாரக் கடைசியில் முடிவதாக இருக்கிறதா? போன வாரமும் அப்படித்தான் இருந்ததா? அது திட்டம் இல்லை, வாரா வாரம் இழுத்துவிடப்படும் பட்டை. போன வாரச் சார்ட்டில் இன்று முடிய வேண்டிய வேலை எது என்று பார்த்து, அதை நேரில் போய்ப் பாருங்க. ஒரு வேலையைப் பார்த்தால் போதும்.

ஒரு தாமதம்கூட இல்லாத சார்ட்டையும் நான் நம்ப மாட்டேன். மூன்று மாத வேலையில் எல்லாம் சொன்ன நாளில் தொடங்கிச் சொன்ன நாளில் முடிந்ததாகப் படம் காட்டினால், யாரோ நடந்ததற்கு ஏற்ப திட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

போனிலேயே போடணுமா?

நோட்டு போதும். ஆனால் சங்கிலியின் தேதிகளை ஒவ்வொரு தடவையும் கையால் கூட்டுவது கஷ்டம் என்றால் கூகுள் ஷீட்ஸ் உதவும். A பத்தியில் வேலை, B-யில் தொடக்கம், C-யில் நாட்கள், D-யில் முடிவு, E-யில் முதலில் போட்ட முடிவுத் தேதி, F-ல் தாமதம், G-யில் காரணம். 2-வது வரி சுவர், 3-வது சென்ட்ரிங், 4-வது முட்டு, 5-வது பூச்சு.

```
D2: =WORKDAY.INTL(B2,C2-1,11)
B3: =WORKDAY.INTL(D2,1,11)
D3: =WORKDAY.INTL(B3,C3-1,11)
B4: =D3
D4: =B4+14
B5: =WORKDAY.INTL(D4,1,11)
F2: =NETWORKDAYS.INTL(E2,D2,11)-1
```

இதில் 11 என்பது ஞாயிறு மட்டும் லீவு என்று சொல்லும் எண். முட்டு நிற்கும் வரியில் மட்டும் சாதாரணக் கூட்டல். கான்கிரீட்டுக்கு ஞாயிறு கிடையாது, அன்றைக்கும் இறுகும். C2-ல் 12 என்பதை 15 ஆக்கினால் கீழே எல்லாத் தேதியும் தானாகத் தள்ளும், F2-ல் 3 வரும்.

E பத்தியில் மட்டும் ஃபார்முலா போடக் கூடாது. முதல் நாள் வந்த முடிவுத் தேதிகளை வெறும் தேதியாக டைப் செய்து, அந்தப் பத்தியை லாக் செய்துவிடுங்க. அதில் ஃபார்முலா இருந்தால் தாமதம் வரும்போது பழைய தேதியும் சேர்ந்து நகரும், F பத்தி எப்போதும் பூஜ்யம் காட்டும். B, D பத்திகளில் ஃபார்முலாவின் மேல் தேதியை நேரடியாக டைப் செய்வதும் இதே ஆபத்துதான். அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும், அதற்குக் கீழே இருப்பது எதுவும் இனி அசையாது.

பழைய திட்டத்தை எப்போது விடலாம்?

விழாவை செப்டம்பர் 6-க்கு மாற்ற முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், ஆகஸ்ட் 30-ஐ வைத்துப் போட்ட பட்டைகளோடு இனி ஒப்பிடுவதில் பயன் குறைவு. அப்போது புதுப் பக்கத்தில் புதுச் சார்ட் போடலாம். ஆனால் அதற்கு ஒரு முடிவு நடந்திருக்க வேண்டும்: யாரோ தேதியை மாற்ற ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். லேட் ஆகிறது என்பதற்காக மட்டும் புதுப் பக்கம் திருப்பக் கூடாது. அப்படித் திருப்பினால் எல்லாத் திட்டமும் எப்போதும் சரியான நேரத்தில் ஓடுவதாகவே தெரியும்.

புதுப் பக்கத்தின் தலைப்பில் "இரண்டாம் திட்டம், ஜூலை 18" என்று எழுதி, கீழே ஒரு வரி: பழைய முடிவு ஆகஸ்ட் 30, புது முடிவு செப்டம்பர் 6, காரணம் பொ 2, ம 1, ஆ 5. பழைய பக்கத்தைக் கிழிக்காமல் நோட்டிலேயே விட்டுவிடுங்க. அடுத்த வருஷம் கீழ் வீட்டு கிச்சனை இடித்துக் கட்டும்போது, பூச்சுக்கு எத்தனை நாள் எழுதலாம் என்று மேஸ்திரியைக் கேட்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.